புது மொழி பழைய மொழிக்குள் நுழைகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், வேலைக்குப் போன ஊரில் இந்தி என்று நான்கு மொழி பேசுகிறவர்கள் சாதாரணம். தஞ்சாவூரில் மராத்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்த வீடுகள் இருக்கின்றன, தெலுங்கு பேசும் வீடுகள் டெல்டா முழுக்க இருக்கின்றன. இவர்கள் எல்லாம் வருடக்கணக்கில் ஒரு மொழியை இன்னொன்றோடு குழப்பாமல் பேசி வந்தவர்கள். ஐந்தாவதாக ஒரு மொழியைப் படிக்கத் தொடங்கியதும்தான் சிக்கல் வருகிறது. புது மொழி பேசும்போது பழைய மொழி குறுக்கே வருவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பழைய மொழிக்குள் புதியது வந்து விழுவதுதான் ஆளைக் கலங்க வைக்கிறது.

இங்கே அடிப்படையாக எடுத்துக்கொள்வது இப்போது டெல்டாவில் அடிக்கடி பார்க்கும் ஒரு நிலை: தமிழ், ஆங்கிலம், இந்தி தெரிந்த செவிலியர் வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் படிக்கிறார்; ஜெர்மன் அவருடைய இந்திக்குள் நுழைகிறது. நீங்கள் படிப்பது பிரெஞ்சோ அரபியோ ஜப்பானிய மொழியோ என்றாலும் சோதனைகள் இவைதான்.

## தொடங்கும் முன்: இது பழுதுதானா?

கலந்து வரும் எல்லாமே பழுது இல்லை. "பஸ் லேட்டு" என்று சொல்லும்போது ஆங்கிலம் உங்களை மீறி வரவில்லை, கேட்பவருக்கும் அதுதான் இயல்பு. ஜன்னலும் சாவியும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்டவை. தஞ்சாவூர் மராத்தி பேசும் பாட்டி நடுவில் தமிழ் வினைச்சொல் போட்டுப் பேசினால், அந்த வீட்டின் மராத்தியே அப்படித்தான்.

பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: அந்தச் சொல் வாயில் வந்ததும் உங்களுக்கே திடுக்கென்று இருந்ததா, எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போனதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் கீழே படியுங்கள். வீட்டில் எல்லோரும் சொல்லும் சொல்லை நீங்களும் சொன்னீர்கள் என்றால் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

## அறிகுறி 1: இந்தி பேசும்போது ஜெர்மனின் சின்னச் சொற்கள் வருகின்றன

அதிகம் பேர் சொல்லும் குறை இது. "மற்றும்" என்பதற்கு இந்தியில் "ஔர்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "உண்ட்". "ஆனால்" என்ற பொருளில் "லேகின்" வர வேண்டிய இடத்தில் "ஆபர்". "கூட" என்ற பொருளில் வரும் "பீ" என்பதற்கு "அவுஹ்". பெயர்ச்சொற்கள் ஒழுங்காக இருக்கும், நடுவில் ஒட்டவைக்கும் சொற்கள் மட்டும் மாறிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, தமிழ் "ஆனா" அந்த இடத்தில் வந்து விழாததுதான். பிறந்ததிலிருந்து பேசும் மொழி ஒதுங்கி நிற்க, ஆறு மாதம் முன்பு படித்த மொழி நுழைகிறது. இந்தி பேசத் தொடங்கும்போது மனம் "இது நம் மொழி இல்லை, படித்த மொழி" என்று எடுத்துக்கொண்டு தமிழைத் தள்ளி வைக்கிறது. அப்போது ஜெர்மன் தள்ளப்படுவதில்லை, ஏனென்றால் அதுவும் படித்த மொழிதான். 1998-ல் வில்லியம்ஸ், ஹம்மர்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இதே வடிவம் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, ஜெர்மன் நன்றாகத் தெரிந்த ஒருவர் ஸ்வீடிஷ் கற்றபோது, அவரை அறியாமல் பேச்சில் விழுந்த சின்னச் சொற்கள் பெரும்பாலும் ஜெர்மனாகவே இருந்தன.

சின்னச் சொற்களே ஏன் மாறுகின்றன என்றால், அவற்றை நாம் தேர்ந்தெடுத்துச் சொல்வதில்லை. "மருந்து" என்று சொல்லும்போது கவனம் அந்தச் சொல்லில் இருக்கிறது. "உண்ட்" வாயைத் தாண்டும்போது கவனம் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டிருக்கும். வகுப்பில் ஒரு நாளில் எத்தனை முறை "உண்ட்" சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால், அது ஏன் முதலில் முந்திக்கொண்டு வருகிறது என்று புரியும்.

### சோதனை

கைபேசியில் உங்கள் இந்திப் பேச்சை மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். தலைப்பு எளிதாக இருக்கட்டும்: நேற்று என்ன சமைத்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள். இதையே இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒன்று ஜெர்மன் வகுப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள். மற்றது வகுப்பு இல்லாத நாளில், காலையில், ஜெர்மனைத் தொடும் முன். பிறகு கேட்டு, தவறி வந்த சொற்களை மட்டும் எழுதுங்கள். முழுப் பேச்சையும் எழுதி உட்காராதீர்கள், அலுத்துப்போய் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

### காரணம் அ: வகுப்பின் சூடு இன்னும் ஆறவில்லை (செலவு: 15 நிமிடம்)

வகுப்பு நாளில் அதிகமாகவும் விடுமுறை நாளில் குறைவாகவும் இருந்தால் காரணம் இதுதான். நான்கு மணி நேரம் ஜெர்மன் பேசிவிட்டு வந்த வாய் அதே தடத்தில் ஓடுகிறது. இந்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீர்வு: இந்தியில் பேச வேண்டிய அழைப்புக்கு முன் பத்து நிமிடம் இந்தி கேளுங்கள், ஐந்து நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள். கேட்பது மட்டும் போதாது, பேச்சுக்கான தடம் வாய் திறந்தால்தான் மாறும். பேசும் ஐந்து நிமிடத்தில் தவறி வந்த சொற்களுக்கான இந்திச் சொற்களை வேண்டுமென்றே இழுத்து வாருங்கள்: "சாவல் ஔர் தால் ஔர் சப்ஜி", "ஜானா தா, லேகின் பாரிஷ் தீ". பலர் இந்த இடத்தோடு நின்றுவிடலாம்.

### காரணம் ஆ: பழைய மொழியைப் பேசி நாளாகிவிட்டது (செலவு: இரண்டு மூன்று வாரம்)

விடுமுறை நாள் காலையிலும் கலப்பு இருந்தால் இங்கே வாருங்கள். டெல்லியிலிருந்து ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இந்தி பேச ஆளில்லை. தூர் வாராத வாய்க்கால் மாதிரி, வழி இருக்கிறது, தண்ணீர் தயங்குகிறது. "லேகின்" மெதுவாக வருவதற்குள் "ஆபர்" வந்து நின்றுவிடுகிறது.

உறுதிப்படுத்த: இந்தியில் முப்பதிலிருந்து இருபது வரை பின்னோக்கி எண்ணுங்கள். பிறகு ஒரு நிமிடத்தில் சமையலறைப் பொருட்கள் எத்தனை சொல்ல முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். இதற்குப் பொதுவான தேர்ச்சி எண் கிடையாது. உங்கள் எண்ணை இரண்டு வாரம் கழித்து வரும் உங்கள் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

தீர்வு: தினமும் இருபது நிமிட இந்திப் பேச்சு. பழைய தோழியோடு குரல்செய்தி மாற்றிக்கொள்வதே போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாகச் செய்வதைவிட தினமும் இருபது நிமிடம் நன்றாக வேலை செய்கிறது.

### காரணம் இ: இரண்டு மொழிக்கும் இடையே மாறிப் பழக்கம் இல்லை (செலவு: ஒரு மாதம்)

இந்தி தனியாக நன்றாக வருகிறது, ஜெர்மன் தனியாக நன்றாக வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும் இடறுகிறது என்றால் இது. தனித்தனியாகப் பழகினால் இந்தப் பழுது போகாது. தாவுவதையே பழக வேண்டும்.

ஐந்து சின்னச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், ஒவ்வொன்றுக்கும் பத்து இந்தி வாக்கியம், அப்புறம் பத்து ஜெர்மன் வாக்கியம், கலக்காமல். இரண்டாம் வாரம் இரண்டு நிறத்தில் சீட்டு வெட்டிக் குலுக்கி எடுங்கள்: மஞ்சள் வந்தால் இந்தி, நீலம் வந்தால் ஜெர்மன். ஒரே பொருளைச் சொல்லும் வாக்கியத்தைச் சீட்டு சொல்லும் மொழியில் சொல்ல வேண்டும். சீட்டைப் பார்த்ததும் வாயைத் திறக்காதீர்கள், ஒரு மூச்சு விட்டு, பிறகு சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், களைத்துப்போன பிறகு செய்தால் தவறே பழக்கமாகிவிடும்.

ஒரு சொல்லுக்குத் தனிக் கவனம் தேவை. ஜெர்மனில் "யா" என்றால் ஆமாம். இந்தியில் "யா" என்றால் அல்லது. "சாய் யா காஃபி?" என்று கேட்டால் "யா" என்று பதில் சொல்லிவிட்டு நிற்பவர்கள் உண்டு. ஒலி ஒன்றாக இருக்கும் சொற்களை மேற்சொன்ன சீட்டுப் பயிற்சியில் கடைசியில் சேருங்கள், முதலில் வேண்டாம்.

### கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு மாதிரி

மயிலாடுதுறைப் பக்கத்துச் செவிலியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் டெல்லியில் வேலை, இப்போது தஞ்சாவூரில் வாரம் ஐந்து நாள் ஜெர்மன் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் செய்த பதிவில் 11 சொல் தவறி வந்திருக்கிறது: "உண்ட்" 4, "ஆபர்" 3, "அவுஹ்" 2, அறை என்பதற்கான "ட்ஸிமர்" 1, செவிலியர் என்பதற்கான "ஷ்வெஸ்டர்" 1. ஞாயிறு காலைப் பதிவில் 4: "உண்ட்" 2, "ஆபர்" 2.

இதை இப்படிப் படிக்க வேண்டும். 11-ல் 4 போக மீதி 7 வகுப்பின் சூடு. அதற்கு 15 நிமிடத் தயாரிப்பு போதும். ஞாயிறும் நிற்கிற 4 தான் உண்மையான வேலை, அதிலும் இரண்டே சொல்தான் குற்றவாளி. ஆகவே தினம் 20 நிமிட இந்தி, அதில் "ஔர்", "லேகின்" இரண்டுக்கு மட்டும் தனிப் பயிற்சி. "ட்ஸிமர்", "ஷ்வெஸ்டர்" இரண்டையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை பணியிடச் சொற்கள், வகுப்பில் அன்று பாடமே ஆஸ்பத்திரியாக இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்து இரண்டு பதிவும் திரும்பச் செய்து பாருங்கள். ஞாயிறு எண் குறைந்து வகுப்பு நாள் எண் குறையாவிட்டால் தயாரிப்பை அவர் தவிர்க்கிறார் என்று பொருள். இரண்டுமே குறையாவிட்டால் காரணம் இ-க்குப் போக வேண்டும்.

## அறிகுறி 2: வேற்றுச் சொல் வரவில்லை, ஆனால் பழைய சொல்லும் வரவில்லை

நுனி நாக்கில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. ஜெர்மனில் "அன்று படித்த" பொருட்களுக்குத்தான் இந்தியில் சொல் கிடைப்பதில்லை என்பதைக் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் மிக்கான், மெக்வீன், லெம்ஹோஃபர் 2020-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நேராகப் பொருந்துகிறது. டச்சுக்காரர்களுக்கு ஸ்பானிஷ் சொற்கள் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அதே பொருட்களில் பாதியை வேறு மொழியில் சொல்லிப் பழக வைத்தார்கள். பழகிய பொருட்களின் ஸ்பானிஷ் சொற்கள் பிறகு தடுமாறின. வேறு மொழி ஆங்கிலமாக இருந்தபோது தடுமாற்றம் அதிகம், தாய்மொழியான டச்சாக இருந்தபோது குறைவு. இங்கும் அதே கதைதான்: படித்த மொழியை நெருக்குவது இன்னொரு படித்த மொழி.

சோதனை. சொல்ல வராத இந்திச் சொற்கள் பத்தை எழுதுங்கள். ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதினால் போதும். இந்தி தெரிந்த ஒருவர் அவற்றை இந்தியில் சொல்லிக் காட்டட்டும். கேட்டதும் "ஆமாம், இதுதான்" என்று எல்லாமே தெரிந்தால் சொல் தொலையவில்லை, எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கேட்டும் பழக்கமில்லாதது போல இருந்தால் உண்மையிலேயே மறந்திருக்கிறது, அதைப் புதிதாகப் படிப்பது போலவே படிக்க வேண்டும்.

முதல் காரணம், எளிதானது. இரண்டு மொழியையும் ஒரே ஆங்கிலச் சொற்பட்டியலிலிருந்து படித்திருக்கிறீர்கள். "ஸ்பூன்" என்று கேட்டதும் இரண்டு பதில் முண்டியடிக்கின்றன. பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, இந்திச் சொல்லை இந்தி வாக்கியத்துக்குள் எடுத்துப் பழகுங்கள். "சம்மச்" என்ற சொல் தனியாக வராவிட்டாலும், "சம்மச் சே ஹிலாவோ" என்று தோழி சொன்ன நினைவோடு வந்துவிடும்.

இரண்டாவது. புதுப் பாடத்தின் சொற்கள் ஏறும்போது பழையவற்றைத் தொடுவதே இல்லை. ஜெர்மனில் இன்று இருபது சொல் படித்தால், அதில் ஐந்தையாவது அன்று மாலையே இந்தியிலும் தேடி எடுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் பத்து நொடி தேட வேண்டும், பிறகு பார்க்கலாம். பார்த்துப் படிப்பதில் வழி திறக்காது, தேடுவதில்தான் திறக்கும். இரண்டு நாள் ஜெர்மன் கொஞ்சம் மெதுவாகும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: தமிழே தட்டுகிறது

வெளிநாட்டிலிருந்து வந்த முதல் வாரம் மன்னார்குடிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு "அந்த... இது... என்ன சொல்வாங்க" என்று கொத்தமல்லிக்குத் தவிப்பவரைப் பார்த்து உறவினர்கள் "பீத்திக்கிறான்" என்று பேசுவார்கள். அது பெரும்பாலும் அநியாயமான பேச்சு.

பலவீனமான மொழியில் பேச, பலமான மொழியை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பலமான மொழிக்குப் பிடி இறுக்கம் அதிகம், விட்ட பிறகும் அது நிமிர நேரம் எடுக்கிறது. 1999-ல் மியூட்டர், ஆல்போர்ட் இருவரும் எண்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி இதை அளந்தார்கள்: பலவீனமான மொழிக்குத் தாவுவதைவிடப் பலமான மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகமாக இருந்தது. 2009-ல் லிங்க், க்ரோல், சண்டர்மன் மூவரும் ஸ்பெயினில் தங்கிப் படித்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களைப் பார்த்தார்கள். அங்கே இருக்கும்போது அவர்களுக்குத் தங்கள் ஆங்கிலச் சொற்களே குறைவாக வந்தன. ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறை இல்லை.

சோதனை: தடுமாற்றம் வகுப்பு முடிந்த முதல் சில நிமிடம் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். ஊர் திரும்பியவர் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். தமிழ் நாற்புறமும் இருக்கிறது, பயிற்சி எதுவும் வேண்டாம்.

வீட்டு மொழி தமிழ் அல்லாதவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. கும்பகோணம் சௌராஷ்டிரமோ தஞ்சாவூர் மராத்தியோ வீட்டுக்குள் மட்டும் இருக்கும் மொழி. வீட்டை விட்டுப் போனால் காதில் விழவே விழாது. சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு, ஆனால் பெரும்பாலோர் அதைப் படிக்கப் பழகியதில்லை. தஞ்சை மராத்தியின் பழைய ஆவணங்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி எழுத்தில் இருக்கின்றன, அதை வைத்து யாரும் அன்றாடப் பேச்சை மீட்க முடியாது. ஆகவே புத்தகம் வாங்கிச் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். ஆள்தான் வேண்டும்.

வாரம் மூன்று நாள், வீட்டில் மூத்தவர் ஒருவரோடு, கால் மணி நேரம் தொலைபேசிப் பேச்சு. ஒரே நிபந்தனை, அவர் தமிழுக்கு மாறாமல் பேச வேண்டும். உங்களுக்குச் சொல் வராதபோது அவர் உடனே எடுத்துக்கொடுக்கக் கூடாது, ஐந்து நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதுதான் கடினம், பாட்டிகளுக்குப் பொறுமை இருந்தாலும் பாசம் விடாது. அவர் அனுமதித்தால் பேச்சைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மொழியில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே பாடப்புத்தகம் அதுவாக இருக்கலாம்.

## அறிகுறி 4: நெருங்கிய இரு மொழிகள் சொல்லோடு சொல்லாகக் கலக்கின்றன

சின்னச் சொற்கள் மட்டும் இல்லை, பெயர்ச்சொல், வினை விகுதி எல்லாமே கலந்து வருகிறது என்றால் அந்த மொழிகள் உறவு மொழிகளா என்று பாருங்கள். தமிழ் தெரிந்தவர் மலையாளம் கற்கும்போதும், வீட்டில் மராத்தி பேசுபவர் இந்தி கற்கும்போதும் இது நடக்கும். முன்பு சொன்ன "தாய்மொழி ஒதுங்கி நிற்கும்" விதி இங்கே வேலை செய்யாது. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே கதவில் நுழைகின்றன.

மலையாளத்தில் "வெள்ளம்" என்றால் தண்ணீர். கேரளத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர் கொள்ளிடக் கரையில் நின்று "கொஞ்சம் வெள்ளம் குடுங்க" என்றால் கேட்பவர் முதலில் ஆற்றைத்தான் பார்ப்பார். இப்படி உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்கள்தான் பிரச்சினை. உருவமும் பொருளும் ஒன்றாக இருப்பவை கலந்தாலும் யாருக்கும் தெரியாது, அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பொருள் மாறும் சொற்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டும். முப்பது சொல்லைத் தாண்டுவதற்குள் அன்றாடத் தொல்லையில் பெரும்பகுதி அடங்கிவிடும். விகுதிகளுக்குக் குறுக்குவழி இல்லை, அந்த மொழியை மட்டும் பேசுபவரோடு நீண்ட நேரம் பேசுவது ஒன்றே வழி.

இன்னும் தொடங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: உறவு மொழிகள் இரண்டைப் புதிதாக ஒரே சமயத்தில் தொடங்காதீர்கள். ஒன்றில் தடையின்றிப் பேசும் நிலை வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

## அறிகுறி 5: எண்கள் புரள்கின்றன

இது செவிலியர்களுக்கு என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் இருபத்துநான்கு: பத்து முதலில், ஒன்று பிறகு. ஜெர்மனில் அதையே "நாலும் இருபதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் "நாலு" முதலில் விழுந்ததும் கை 4 எழுதிவிடுகிறது, பிறகு 2. 24 என்பது 42 ஆகிவிட்டது. சில மாதம் பழகிய பிறகு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொலைபேசி எண் எழுதும்போதும் இலக்கம் இடம் மாறுவதைச் சிலர் கவனிக்கிறார்கள்.

ஒருவர் ஜெர்மனில் இருபது இரண்டிலக்க எண்கள் வாசிக்க, நீங்கள் எழுதுங்கள். இரண்டாவது இலக்கத்தைக் கேட்கும் வரை பேனாவைத் தாளில் வைக்காதீர்கள். சிலர் வலது இலக்கத்தை முதலில் எழுதி, இடப்பக்கம் இடம் விட்டு நிரப்புவார்கள். தாளில் அது சரியாக வரும், கணினியில் தட்டும்போது தவறிவிடும், அதனால் அந்த வழியைப் பழகவேண்டாம். மருந்தளவு, அறை எண், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் காதால் கேட்டு எழுதினால், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் இதைக் கைவிட வேண்டாம்.

## அறிகுறி 6: பழைய மொழியின் உச்சரிப்பு மாறுகிறது

கவலைப்பட ஒன்றும் இல்லை. கொரியாவில் ஆறு வாரம் தீவிரமாகக் கொரிய மொழி படித்த அமெரிக்கர்களின் ஆங்கில ஒலிகளே கொரியப் பக்கம் சற்று நகர்ந்ததை சார்ல்ஸ் சாங் 2012-ல் அளந்து காட்டியிருக்கிறார். நகர்வு சிறியது, கருவியில் தெரியும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் கிண்டல் செய்யும் அளவுக்கு மாறியிருந்தால், தினமும் பத்து நிமிடம் பழைய மொழியில் சத்தமாகப் படியுங்கள்.

## எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

மொழி ஆசிரியர். அறிகுறி 1, 2-க்கான பயிற்சியை ஆறு வாரம் விடாமல் செய்தும் ஞாயிறு காலை எண் அசையவே இல்லை என்றால். பதிவுகளையும் எழுதிய சொற்களையும் கொண்டு போங்கள். "கலக்குது சார்" என்று மட்டும் சொன்னால் அவர் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கிவிடுவார்.

பேச்சுப் பயிற்சியாளர். குழந்தை இரண்டு மூன்று மொழி கலந்து பேசுவது இயல்பு, அதற்காக வீட்டு மொழியை நிறுத்தச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆனால் எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணியும், இரண்டு வயது முடிந்த குழந்தை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காட்டுங்கள். "பல மொழி வீடு, மெதுவாகத்தான் பேசும்" என்று காத்திருக்கக் கூடாது.

நரம்பியல் மருத்துவர். வயதானவர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பின்னால் படித்த மொழிகளை விட்டுவிட்டு முதல் மொழிக்கே போகிறார், கூடவே ஆள், நாள், இடம் குழம்புகிறது என்றால். அந்த முதல் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். சௌராஷ்டிரத்தில் தெளிவாகப் பேசும் பாட்டியைத் தமிழில் மட்டும் கேள்வி கேட்டு மதிப்பிட்டால் முடிவு தவறாகிவிடும்.

108, அப்போதே. இதுவரை சொன்ன எல்லாம் வாரக்கணக்கில் மெல்ல வருபவை. நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று தமிழில் கேட்டால் வேறு மொழியில் பதில் சொல்கிறார், சொற்கள் குழறுகின்றன, எளிய கேள்வி புரியவில்லை என்றால் அது மொழிக் கலப்பு இல்லை. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டாலும், திடீர்ப் பேச்சு மாற்றம் ஒன்றே பக்கவாதத்தின் அடையாளமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடங்கும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த மொழிகள் எவை, அன்றாடம் பேசுவது எது என்பதையும் அதிலேயே எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.